வலி ஏறும் நாளையும் சேர்த்தே எழுதும் பயிற்சித் திட்டம்



ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடம் வரும்போது, பெரும்பாலும் ஒரே கதையோடுதான் வருகிறார்கள். டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். உடம்பு இலேசாக இருந்த ஒரு நாளில் கிளம்பி ஒரு மணி நேரம் நடந்தார்கள். மறுநாள் காலையில் அடித்துப் போட்டது போல உடம்பு முழுக்க வலி. மூன்று நாள் படுக்கை, அதன் பிறகு இரண்டு வாரம் பயம். அடுத்த நல்ல நாள் வந்ததும், விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று மறுபடி ஒரு மணி நேரம். இப்படி நான்கு தடவை ஆனபின், "எனக்கு உடற்பயிற்சி ஒத்துக்கொள்ளாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ, "நீ ஒழுங்காகச் செய்வதே இல்லை" என்கிறார்கள்.

இருவர் சொல்வதும் சரியில்லை. அவர்களிடம் இருந்த திட்டத்தில் நல்ல நாளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. வலி ஏறும் நாள், அதாவது மருத்துவர்கள் ஃப்ளேர் என்று சொல்லும் நாள், இந்த நோயில் வந்தே தீரும். அந்த நாளில் என்ன செய்வது, நல்ல நாளில் எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத திட்டம் இவர்களுக்கு உதவாது. இன்று நான் பேச வந்தது அந்த எழுத்து வேலையைப் பற்றித்தான்.

முதலில், ஏன் இந்தத் தொல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயில்லாத ஒருவர் உடற்பயிற்சி செய்யும்போது, மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கீழே இறங்கும் வலித் தடுப்பு வேலை செய்கிறது. அதனால் பயிற்சி முடிந்த கொஞ்ச நேரத்துக்கு வலி உணர்வே சற்று மந்தமாகிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் அந்தத் தடுப்பு பலருக்குச் சரியாகக் கிளம்புவதில்லை. சிலருக்குப் பயிற்சியின்போதே வலி கூடுகிறது. குறிப்பாக, ஒரு தசையை அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் இது நன்றாகத் தெரியும். கொடியில் துணி காயப்போடக் கையை உயர்த்தியே வைத்திருப்பது இவர்களுக்கு ஏன் அவ்வளவு வலிக்கிறது என்று கேட்பீர்கள், காரணம் இதுதான். ஆகவே பிளாங்க் போல அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிகளை நான் ஆரம்பத்தில் கொடுப்பதில்லை. அசைந்து, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி அசையும் பயிற்சிகளே தொடக்கத்துக்கு ஏற்றவை.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2017இல் தன் பரிந்துரைகளைத் திருத்தி வெளியிட்டபோது, மருந்துகள் உட்பட எல்லாச் சிகிச்சைகளிலும் உடற்பயிற்சி ஒன்றைத்தான் உறுதியாகப் பரிந்துரைத்தது. ஸ்வீடனில் 130 பெண்களை வைத்து நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறையாக 15 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 40 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொருவரின் நிலைக்கேற்பப் படிப்படியாக ஏற்றினார்கள். பலம் கூடியது, வலியும் குறைந்தது. குறையும் அளவைப் பற்றி உண்மையையும் சொல்ல வேண்டும். நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வலி 100க்குச் சுமார் 10 புள்ளி அளவில் குறைகிறது. மாத்திரை போட்டால் தலைவலி போவது போல இது போய்விடாது. அன்றாட வேலைகளைச் செய்யும் சக்தி கூடுவதுதான் பலரும் முதலில் உணரும் பலன்.

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். நான் பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராக வைத்துச் சொல்கிறேன். 46 வயது, அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டது. இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறார். 0 முதல் 10 வரை வலிக்கு எண் கொடுக்கச் சொன்னால், சாதாரண நாளில் 5 என்பார். இந்த 5 எனக்கு முக்கியம். வலி பூஜ்யமாகும் வரை காத்திருந்து பயிற்சி தொடங்க நினைத்தால் அவர் தொடங்கவே மாட்டார். அவருடைய வழக்கமான எண் எது, இன்று அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

முதல் இரண்டு வாரம் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், போதும் என்று தோன்றும் வரை நடந்து, எத்தனை நிமிடம் என்று மட்டும் குறித்துவரச் சொன்னேன். 14, 6, 10, 12, 8 என்று வந்தது. சராசரி 10 நிமிடம். பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்; 10 நிமிடம் முடிகிறது, ஆகவே 10இல் தொடங்குவோம் என்பார்கள். அந்த 10இல் நல்ல நாளின் 14உம் கலந்திருக்கிறது. நான் சராசரியில் 60 சதவீதம், அதாவது 6 நிமிடத்தில் தொடங்கினேன். அவருடைய மோசமான நடையும் 6 நிமிடம்தான் என்பதைக் கவனியுங்கள். "இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று அவர் கேட்டார். கேட்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் தொடக்கம் சரி என்பது என் கருத்து.

வாரம் மூன்று நாள் 6 நிமிட நடை. பேச்சு தடைபடாத வேகம். அதோடு வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், பலப் பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 4 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 4 முறை, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது 4 முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நான்கைந்து விநாடி தசையை முழுதாகத் தளர்த்த வேண்டும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்தினோம். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது, அதாவது மெல்லக் கீழே உட்காரும்போதும் படி இறங்கும்போதும், மறுநாள் வலி அதிகம் உண்டாகிறது. இருக்கை உயரமானால் இறங்கும் தூரம் குறையும். அடுத்து, நேரம். காலையில் அவருக்கு விறைப்பு அதிகம், மாத்திரையின் மந்தமும் இருக்கும். ஆகவே பள்ளி முடிந்து மாலை ஐந்தரை மணி என்று வைத்தோம். "அதிகாலை நடைதான் நல்லது" என்ற பொது அறிவுரை இவருக்குப் பொருந்தாது.

இப்போது திட்டத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று அளவு எழுதினோம்: முழு அளவு, பாதி அளவு, சிறு அளவு. அன்றைய வலி 5 அல்லது 6 என்றால், அதற்குக் கீழே என்றாலும், முழு அளவு. 7 என்றாலோ, முந்தைய இரவு தூக்கம் மிக மோசம் என்றாலோ பாதி: நடை 3 நிமிடம், பலப் பயிற்சி ஒவ்வொன்றும் 2 முறை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் சிறு அளவு: உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தோளைச் சுழற்றுவது, வீட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம் மெல்ல நடப்பது, பிறகு வெந்நீர்க் குளியல். பலப் பயிற்சி அன்று கிடையாது. அசையாமல் மூன்று நாள் படுத்தால் விறைப்பு கூடும், தூக்கம் இன்னும் கெடும், அசைவு குறித்த பயமும் வேர்பிடிக்கும். சிறு அளவு இருப்பது அதைத் தடுக்கத்தான்; அதிலிருந்து பலம் கூடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த முடிவை எடுக்கும் விதத்துக்கு ஒரே ஒரு விதி. பயிற்சி தொடங்கிய பிறகு எப்போது வேண்டுமானாலும் கீழ் அளவுக்கு இறங்கலாம். மேல் அளவுக்கு ஏறக்கூடாது. முழு அளவு என்று ஆரம்பித்து இரண்டாவது நிமிடத்தில் உடம்பு கனத்தால், பாதியோடு முடிக்கலாம். பாதி அளவு என்று ஆரம்பித்து உடம்பு இலேசானால், மகிழ்ச்சி, ஆனால் பாதியோடு முடிக்க வேண்டும். வலி வெறும் 3ஆக இருக்கும் அபூர்வமான நாளிலும் முழு அளவுக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

இந்தக் கடைசி வரியைத்தான் நோயாளிகள் மிகவும் வெறுக்கிறார்கள். வலி ஏறிய நாளில் குறைத்துச் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்பவர்கள்கூட, நல்ல நாளில் நிறுத்தச் சொன்னால் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தவருக்கு ஒரு நாள் கிடைக்கும்போது, அதையும் அளந்து கொடுக்கிறோமே! ஆனால் அவர்களுடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பெரிய வலி ஏற்றங்கள் பலவற்றுக்கும் ஓரிரு நாள் முன்னால் மிக நல்ல ஒரு நாள் இருக்கிறது. சியாட்டிலில் இருந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களிலேயே நாள்பட்ட வலிக்கு இதைச் சொன்னார்: எவ்வளவு செய்வது என்பதை வலி தீர்மானிக்கக் கூடாது, முன்பே குறித்த அளவு தீர்மானிக்க வேண்டும். வலி வந்ததால் நிறுத்துவதும் வலி இல்லாததால் தொடர்வதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். பாதி அளவையும் சிறு அளவையும் முன்பே எழுதி வைத்திருப்பதால், வலி ஏறிய நாளிலும் நாம் செய்வது முன்பே குறித்த ஓர் அளவைத்தான்.

வீட்டு வேலையும் இந்தக் கணக்கில் சேரும். பொங்கலுக்கு வீடு ஒழித்துத் துடைத்த நாளில், மாலையில் வலி 5தானே என்று முழு அளவு செய்தால், மறுநாள் இரண்டும் சேர்ந்து விலை கேட்கும். அப்படிப்பட்ட நாளைப் பாதி அளவு நாளாகவே எழுதிவிடுங்கள். ஒரு பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றலாம்; 3 நிமிடம் காலை, 3 நிமிடம் மாலை என்று பிரிக்கலாம். விட்டுப்போன பயிற்சியைப் பிறகு சேர்த்துச் செய்து கடன் தீர்க்க மட்டும் கூடாது.

இனி, ஏற்றுவது எப்போது? ஜிம்மில் வாரக் கணக்கு வைத்து ஏற்றுவார்கள். இவர்களுக்கு அது சரிவராது, ஏனென்றால் ஒரு வாரத்தில் மூன்று முழு அளவு நடக்கும், இன்னொரு வாரத்தில் ஒன்றுகூட நடக்காது. ஆகவே நான் வாரத்தை எண்ணுவதில்லை, முடிந்த முழு அளவுகளை எண்ணுகிறேன். நான்கு முழு அளவுப் பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் மறுநாள் மாலைக்குள் வலி வழக்கமான எண்ணுக்குத் திரும்பியிருந்தால், ஒரு படி ஏற்றம். அவை அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. நடுவில் வரும் பாதி அளவும் சிறு அளவும் எண்ணிக்கையில் சேராது. எண்ணிக்கையை அழிக்கவும் செய்யாது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு கெட்ட நாள் வந்ததும் எல்லாம் பூஜ்யமாகிவிட்டது என்ற எண்ணம்தான் பலரைப் பயிற்சியை விட வைக்கிறது. ஒரு படி என்பது நடையில் ஒரு நிமிடம், பலப் பயிற்சியில் ஒரு முறை. நடையையும் பலத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. ஏற்றினால், வலி கூடும்போது எது காரணம் என்று தெரியாமல் போகும். முதலில் நேரமும் எண்ணிக்கையும் ஏறட்டும். வேகமும் எடையும் கடைசியில்.

மறுநாள் வலியைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய பயிற்சிக்குப் பின் யாருக்கும் தசை வலிக்கும். அந்த வலி வேலை செய்த தசையில் மட்டும் இருக்கும். தொட்டால், அசைத்தால் தெரியும். சில நாளுக்குள் தானே அடங்கும். நாற்காலிப் பயிற்சிக்குப் பிறகு தொடை மட்டும் வலித்தால், அது வலி ஏற்றமில்லை. அது அடங்கிய பிறகு அதே அளவைத் தொடரலாம். தொடைக்குச் செய்த பயிற்சிக்குக் கழுத்தும் கையும் சேர்ந்து வலித்து, தூக்கம் கெட்டு, சொல்ல வந்த வார்த்தை நினைவுக்கு வராமல் மூளை மங்கினால், அதுதான் வலி ஏற்றம். இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் கடைசியாக ஏற்றிய படியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

நம் ஆசிரியை 6 நிமிட நடையை மார்ச் மாத ஆரம்பத்தில் தொடங்கினார். இரண்டாம் வாரக் கடைசியில் நடை 7 நிமிடம், நான்காம் வாரக் கடைசியில் 8. ஆறாம் வாரம், ஏப்ரல் நடுவில், பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலை, பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம், வெயில் வேறு. மூன்றாம் நாளே வலி 8க்கு ஏறி, ஒன்பது நாள் நின்றது. அந்த ஒன்பது நாளும் சிறு அளவுதான். முதல் தடவையாக, வலி ஏறிய காலத்தில் அவர் முழுக்கப் படுத்துவிடவில்லை.

வலி இறங்கிய பின் எப்படித் திரும்புவது என்பதையும் முன்பே எழுதியிருந்தோம். மூன்று பயிற்சிகளில் திரும்ப வேண்டும்: முதலில் பழைய அளவில் பாதி, அடுத்து முக்கால், பிறகு முழுது. அவருக்கு அது 4, 6, 8 நிமிடம். வலி ஏற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் முக்கால் அளவையே புதிய முழு அளவாக வைத்துக்கொள்வேன். எட்டாம் வாரத்தில் 8 நிமிடத்துக்கு வந்தார். ஒன்பதாம் வாரத்தில் வலி 3ஆக இருந்த ஒரு மாலை. கடற்கரை வரை போய்வரட்டுமா என்று போனில் கேட்டார். போய் உட்கார்ந்து வாருங்கள், நடை 8 நிமிடம்தான் என்றேன். மே வெயிலில் மாலை நடை கடினமானபோது வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தார். பத்தாம் வாரம் 9, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு நிமிடமாக, பதினாறாம் வாரக் கடைசியில் 12. நாற்காலியிலிருந்து எழுவது 4இலிருந்து 8 ஆகி, தலையணையும் எடுக்கப்பட்டது.

நான்கு மாதத்தில் 6 நிமிடம் 12 ஆனது. வழக்கமான வலி 5இலிருந்து 4க்கும் 5க்கும் நடுவில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகக் குறைவு. பள்ளியில் மாடி வகுப்புக்கு நடுவில் நிற்காமல் ஏறுகிறார் என்பதை அவர் சொன்னபோது இருந்த முகத்தைப் பார்த்த எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. சிலருக்கு மிகச் சிறிய உழைப்புக்குப் பிறகுகூட, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து உடலும் மூளையும் ஒருசேரச் சரிந்து, நாள்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் எழ முடியாமல் போகும். வலியைவிட அந்தச் சரிவே பெரிதாக இருந்தால், நாள்பட்ட சோர்வு நோயும் கூட இருக்கலாம். அந்த நோய்க்குப் படிப்படியாக ஏற்றும் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் இப்போது விவரித்த ஏற்றம் கெடுதலே செய்யும். டாக்டரிடம் திரும்ப அனுப்ப வேண்டும். காய்ச்சல், ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சிவப்பது, ஒரு பக்கம் பலம் குறைவது, நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் சிறு அளவுகூட வேண்டாம், உடனே மருத்துவமனை. பழைய நோயின் கணக்கில் எழுதிவிட்டுப் புதிய நோயைத் தவறவிடுவது இவர்களுக்கு அடிக்கடி நேரும் ஆபத்து.

ஜிம் பயிற்சியாளர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று. ஆறு வாரத்து நோட்டை எடுத்துப் பாருங்கள். செய்த பயிற்சிகளில் பாதிகூட முழு அளவில் நடக்கவில்லை என்றால், அவருடைய மனவுறுதியைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் எழுதிய முழு அளவு பெரிது. ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி எண்ணத் தொடங்குங்கள். எல்லாமே முழு அளவில் நடக்கிறது, மறுநாளும் ஒன்றுமில்லை என்றால், நான்குக்குப் பதில் மூன்று முழு அளவுக்கு ஒரு படி ஏற்றலாம். அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

ஆசிரியையின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஏப்ரல் மாதம் இப்போதே குறிக்கப்பட்டிருக்கிறது. திருத்தும் முகாமுக்கு முந்தைய வாரம் முதல் நடை பாதி அளவு, பலப் பயிற்சி வாரம் ஒரு நாள். முகாம் நடக்கும் நாள்களில் சிறு அளவு மட்டும், அதுவும் இடைவேளையில் ஐந்து நிமிடம். முடிந்ததும் பாதி, முக்கால், முழுது என்று மூன்று பயிற்சிகளில் திரும்புதல். வலி ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த மாதத்துக்கு அதுதான் அளவு.